கத்தரிக்கோலும் ஃபெவிகாலும் ஒரே நோட்டில் ஏன் ஒத்துவராது?

"டீச்சர், தர்மபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் டியூஷன் சென்டர் நடத்துகிறோம். சனிக்கிழமை ரெண்டு பேட்ச் டிராயிங், கிராஃப்ட் வகுப்பு. முதல் பேட்ச்சில் 20 பிள்ளைகள், அடுத்ததில் 16. எல்லாப் பொருளையும் ஒரே நோட்டில் எழுதிக் கணக்கு வைத்தோம், ரெண்டு மாதத்தில் குழம்பிவிட்டது. கத்தரிக்கோல் காணாமல் போகிறது, வகுப்பு நடுவில் ஃபெவிகால் தீர்ந்துபோகிறது. திரும்பி வருகிற பொருளையும் தீர்ந்துபோகிற பொருளையும் எப்படிப் பிரித்து வைப்பது? கார்த்திகைக்கு ஆளுக்கு ரெண்டு அகல் விளக்கு பெயிண்ட் பண்ண வைக்கலாம் என்று இருக்கிறோம். அதற்கு எது எது எவ்வளவு வாங்கணும்?"

கத்தரிக்கோலைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இருக்கிறதா, வெட்டுகிறதா. ஃபெவிகாலைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எப்போது தீரும். முதல் வகைக்கு ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எண்ணிக்கை வேண்டும். இரண்டாவது வகைக்கு எண்ணிக்கையே வேண்டாம், தீர்வதற்குச் சில வாரம் முன்பே நமக்கு ஒரு தகவல் வந்தால் போதும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதும்போது கிளேஸ் பேப்பரையும் ஸ்டேப்ளர் பின்னையும் எண்ணி எண்ணிச் சலித்துப்போகிறோம். அந்தச் சலிப்பில், எண்ணியே ஆக வேண்டிய கத்தரிக்கோலும் விட்டுப்போகிறது. உங்கள் நோட்டு குழம்பியதும் அப்படித்தான் இருக்கும்.

பிரிப்பதற்கு ஒரே கேள்வி போதும்: வகுப்பு முடிந்ததும் இது அலமாரிக்குத் திரும்பி வரவேண்டிய பொருளா? ஆம் என்றால் பொதுச் சாமான். இல்லை என்றால் தீரும் பொருள். விலையை வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரு பெரிய டப்பா அக்ரிலிக் கலர், பிள்ளைகள் கத்தரிக்கோலைவிட விலை கூடுதல்தான். ஆனாலும் அது தீரும் பொருள். விலை மலிவான பிளாஸ்டிக் ஸ்கேல் பொதுச் சாமான்.

இப்படிப் பிரித்ததும் முதலில் மாறுவது வாங்கும் எண்ணிக்கை. பொதுச் சாமானை, ஒரே நேரத்தில் அறையில் இருக்கும் பிள்ளைகளின் கணக்குக்கு வாங்க வேண்டும். உங்களுக்கு அது 20. இரண்டாவது பேட்ச் 16 பேரும் அதே கத்தரிக்கோலைத்தான் எடுக்கப் போகிறார்கள். தீரும் பொருளுக்கோ மொத்தத் தலை எண்ணிக்கை, அதாவது 36. பல சென்டர்களில் 36 பிள்ளைகள் என்று 36 கத்தரிக்கோல் வாங்கிவிட்டு, சார்ட்டை "ஒரு பேட்ச்சுக்கு இருபது" என்று வாங்குவார்கள். சாமான் தேவைக்கு மேல் இருக்கும்போது காணாமல் போவது கண்ணில் படாது. 36-இல் 9 போனால்கூட வகுப்பு நடந்துவிடும். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். 20 பேருக்கு 20, கையிருப்பாக இரண்டு, அந்த இரண்டும் ஆசிரியர் மேசை டிராயரில். அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாச் சாமானும் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்பதும் இல்லை. பேலட், தண்ணீர் டப்பா இருவருக்கு ஒன்று. பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர் அறைக்கு இரண்டு. ஸ்டீல் ஸ்கேல் நான்கு பேருக்கு ஒன்று இருந்தால் போதும், கோடு போடும் வேலை எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் வராது. கத்தரிக்கோல் மட்டும் பகிர்ந்தால் சண்டை வரும், அதை ஆளுக்கு ஒன்றாகவே வையுங்கள்.

இனி நடுவில் நிற்கும் பொருள்கள். இவைதான் தலைவலி. முக்கியமாக பிரஷ். அது திரும்பி வரவேண்டிய பொருள், ஆனால் தேயும். அதனால் வகுப்பு முடிவில் அதைச் சாமான் போல எண்ணுங்கள், வாங்கும்போது தீரும் பொருள் போல வருடத்துக்கு ஒரு தொகையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள். பிரஷ்ஷின் ஆயுசை முடிவு செய்வது பெரும்பாலும் அது வேலை செய்த நேரம் இல்லை, சும்மா இருந்த நேரம். தண்ணீர் டப்பாவில் மயிர் கீழே இருக்கும்படி போட்டுவிட்டுப் போனால் நுனி வளைந்துவிடும், மரக்காம்பு தண்ணீர் குடித்து ஊதும், அப்புறம் காய்ந்து சுருங்கும்போது தகரப் பிடி கழன்று ஆடும். கழுவியதும் படுக்க வைத்துக் காய விடுங்கள், காய்ந்த பிறகு மயிர் மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்துங்கள். ஃபெவிகாலுக்குத் தனி பிரஷ், மலிவானது, காம்பில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். ஒருமுறை கம்முக்குள் போன பிரஷ் கலர் டப்பாவுக்குத் திரும்பக் கூடாது.

ஸ்கெட்ச் பேனாவை நான் தீரும் பொருளில்தான் சேர்ப்பேன். மூடி சரியாக அமுங்காமல் ஒரு வாரம் கிடந்தால் காய்ந்துவிடும். பேனா பேனாவாக எண்ணுவது வீண் வேலை. செட்டாக எண்ணி, உள்ளே எழுதாத பேனாவை அன்றைக்கே குப்பையில் போட வேண்டும். எழுதாத பேனாவைத் திரும்ப டப்பாவில் வைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, நமக்கும் உண்டு. கலர் பென்சிலும் அப்படியே. சுண்டு விரல் நீளத்துக்குக் கீழே வந்ததும் அது துண்டுப் பெட்டிக்குப் போகட்டும்.

துண்டுப் பெட்டி என்றேன். அது ஒரு அட்டைப் பெட்டிதான். வெட்டி மிஞ்சிய சார்ட், கிளேஸ் பேப்பர், உல்லன் நூல் எல்லாம் அதில் விழும். அதை எண்ண வேண்டாம், எழுதவும் வேண்டாம். பெட்டி நிறைந்தால் அடுத்த சனிக்கிழமை ஒட்டுப்படம் வகுப்பு. அந்த வாரம் புதுச் சார்ட் வெளியே எடுக்கக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டு வருவது. உங்கள் கத்தரிக்கோலும் பிள்ளையுடையதும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிச் சரக்காக இருந்தால், யாருடையது என்று தீர்க்கவே முடியாது. சென்டர் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே நிற நெயில் பாலிஷில் ஒரு வளையம் போட்டு, பக்கத்தில் எண் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் கைபட்டு அழியும். அப்படி எழுதினால் மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். கிரேயான், பென்சில், ரப்பர் ஆகியவற்றைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும், அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

சாமானை எண்ணும் விதத்துக்கு வருவோம். நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினால் நாலாவது வாரம் நின்றுவிடும். எண்ணாமலே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு மரக்கட்டையில், அல்லது டிவி, மிக்ஸி பெட்டியில் வரும் கெட்டித் தெர்மாகோலில், 20 துளை போட்டுக் கத்தரிக்கோலை நுனி கீழே இருக்கும்படி குத்தி வையுங்கள். துளைக்குப் பக்கத்தில் 1 முதல் 20 வரை எண். காலித் துளை தூரத்திலிருந்தே தெரியும், எந்த எண் இல்லை என்பதும் தெரியும். வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பிள்ளைகள் அதை எடுத்துச் சுற்றி வரட்டும். பிள்ளைகளின் பையைச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது ஒரு கத்தரிக்கோலுக்குத் தகாத அவமானம். காணாமல் போன கத்தரிக்கோல் பெரும்பாலும் பையில் இருக்காது, மேசையில் விரித்த செய்தித்தாளோடு சுருட்டப்பட்டுக் குப்பைக் கூடைக்குள் போயிருக்கும். அதனால் துளை நிறையும் வரை கூடையைக் கொட்டக் கூடாது என்று ஒரு விதி போட்டாலே போதும், முக்கால்வாசி இழப்பு நின்றுவிடும்.

எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில், சரியாக இருந்தால் ஒரு டிக். இல்லையென்றால் இல்லாத எண்ணை மட்டும் எழுதுங்கள்: "க-7 இல்லை". வேறு பதிவு வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எந்தப் பேட்ச்சுக்குப் பிறகு குறைகிறது என்று அந்த நாட்காட்டியே காட்டிவிடும். இரண்டு பேட்ச்சுக்கும் நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை என்று பார்த்தால்தான் இது தெரியும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வகுப்பு தடுமாறும். 20 இருக்கும், அதில் 7 வெட்டாது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாலும் செய்தித்தாளின் ஒற்றைத் தாளை நுனி வரை வெட்டிப் பாருங்கள். தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கினால் ஒன்று மறை தளர்ந்திருக்கிறது, அல்லது அலகில் டபுள் சைடு டேப்பின் பசை ஏறியிருக்கிறது. நிஜமாக மழுங்கிப்போனது கடைசிக் காரணம்தான். பசை என்றால் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் எண்ணெய் போகத் துடைத்தால் திரும்ப வெட்டும். மறை தளர்ந்ததை ஆணி அடித்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கத்தரிக்கோலுக்கு அந்த உழைப்பு கட்டாது. உதவாததை எடுத்துவிட்டு அந்தத் துளையில் ஒரு ஐஸ் குச்சிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் குத்தி வையுங்கள். நல்லதும் சிவப்பும் சேர்த்து எப்போதும் 20 வரும். சிவப்பு மூன்றானால் வாங்கும் நேரம்.

கட்டரும் குளூ கன்னும் இந்தக் கட்டைக்கு வரக் கூடாது. அவை பூட்டிய டிராயரில், எண்ணி எடுத்து எண்ணி வைக்கப்படும் பொருள்கள். காரணம் விலை இல்லை. ஒரு ஸ்கேல் காணாமல் போனால் நஷ்டம், ஒரு கட்டர் காணாமல் போனால் அது ஏதோ ஒரு பிள்ளையின் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கட்டர் கிடைக்கும் வரை யாரையும் அனுப்பக் கூடாது. குளூ கன் சூடு உள்ள வரை மேசையிலிருந்து நகரக் கூடாது, அதை ஆசிரியர் மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டு கணக்கும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. குளூ கன் சிறியது என்றால் 7 மில்லிமீட்டர் ஸ்டிக், பெரியது என்றால் 11 மில்லிமீட்டர். சின்ன ஸ்டேப்ளருக்கு 10-ஆம் நம்பர் பின், பெரிய ஸ்டேப்ளருக்கு 24/6. கட்டர் பிளேடிலும் 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம். கடைக்குப் போகிறவர் "ஸ்டேப்ளர் பின் ஒரு பாக்கெட்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால், பாதி நாள் அது பொருந்தாத பின்னாக அலமாரியில் கிடக்கும். அதனால் சாமான் மேலேயே அதன் தீனி என்ன அளவு என்று ஒட்டி வையுங்கள். கன்னின் மேல் "ஸ்டிக் 7", ஸ்டேப்ளர் மேல் "பின் 10". அடுத்த கன் வாங்கும்போது பழைய அளவிலேயே வாங்குங்கள். இரண்டு அளவு கன் இருக்கிற சென்டரில் ஸ்டிக் கணக்கு என்றைக்கும் சரிப்படாது.

தீரும் பொருளுக்கு நான் சொல்லும் வழியில் நோட்டே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் திறந்து பயன்பாட்டில் இருக்கும். இன்னொன்று சீல் பிரிக்காமல் அதற்குப் பின்னால் இருக்கும். பின்னால் இருப்பதில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு அட்டை செருகுங்கள். அட்டையில் பொருளின் பெயர், அளவு, வாங்கும் கடை, எத்தனை வாங்க வேண்டும். முன்னால் இருப்பது தீர்ந்து பின்னால் இருப்பதைத் திறக்கும் நொடியில், திறந்தவர் அந்த அட்டையைக் கதவுப் பக்கம் மாட்டியிருக்கும் டப்பாவில் போட வேண்டும். டப்பாவில் இருக்கும் அட்டைகள்தான் உங்கள் வாங்கும் பட்டியல். பொருள் வந்ததும் அட்டை திரும்ப ரப்பர் பேண்டுக்குள். ஒன்றையும் எண்ணவில்லை, ஆனாலும் வகுப்பு நடுவில் தீர்ந்துபோகாது.

பின்னால் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஃபெவிகாலை எடுத்துக்கொள்வோம். சமையலறைத் தராசில் டப்பாவை வகுப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 36 பேருக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை 144 கிராம் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு 4 கிராம். அரைக்கிலோ டப்பா மூன்று வாரம் வரும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்குகிறீர்கள் என்றால் அட்டை விழுந்த வாரமே பொருள் வந்துவிடும், பின்னால் ஒரு அரைக்கிலோ போதும். விலை குறைவு என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரு சிக்பேட்டையிலிருந்து மொத்தமாக எடுக்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு. ஒன்பது சனிக்கிழமைக்கு ஏறக்குறைய 1,300 கிராம். பின்னால் மூன்று அரைக்கிலோ டப்பா இருக்க வேண்டும். தூரம் கூடினால் பின்னால் இருக்கும் கையிருப்பும் கூட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மொத்தத்தில் எடுத்தால் மலிவு என்பது உண்மைதான். ஆனால் இருப்பு கெட்டுப்போகாத பொருளுக்குத்தான் அது லாபம்: ஸ்டேப்ளர் பின், ஐஸ் குச்சி, ஏ4 பேப்பர், உல்லன். கம், கலர், களிமண், ஸ்கெட்ச் எல்லாம் ஊரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலை இதில் சேர்க்க வேண்டும். சென்டர் மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் கிரேயான் இளகி ஒட்டிக்கொள்ளும், டபுள் சைடு டேப்பின் பசை ஓரத்தில் கசியும், திறந்த களிமண் கல்லாகும், மூடி சரியாக இல்லாத ஃபெவிகால் தோல் கட்டும். கோடை வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால்கூட அந்த இரண்டு மாதமும், பின்னால் இருக்கும் கையிருப்பை ஒன்றோடு நிறுத்துங்கள், அலமாரியும் மேற்குச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். ஃபெவிகால் கெட்டியாகிவிட்டால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். புளித்த நாற்றம் வந்தாலோ கட்டி கரையாவிட்டாலோ கொட்டிவிட வேண்டும். போஸ்டர் கலர் பாட்டிலுக்குள் ஈரப் பிரஷ்ஷை விட்டால் அதுவும் சீக்கிரம் நாறும். கலரைப் பாட்டிலிலிருந்து எடுப்பது எப்போதும் ஆசிரியர்தான். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள்.

சார்ட்டுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் அது நிறம் நிறமாகத் தீரும். பல நிறம் கலந்த கட்டாக வாங்கினால் வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், பிரவுன் வருடக்கணக்கில் கிடக்கும். அதிகம் ஓடும் மூன்று நிறத்துக்குத் தனித்தனி அட்டை வையுங்கள், மற்றதற்கெல்லாம் சேர்த்து ஒன்று. ஆகஸ்ட் முதல் வாரம் ஆரஞ்சும் பச்சையும் ஊரில் எல்லாப் பள்ளியும் தேடும், அதை ஜூலையிலேயே எடுத்துவிடுங்கள். வழக்கமான 22-க்கு 28 அங்குலச் சார்ட்டை ஒரே வாக்கில் வெட்டினால் ஏ4 அளவுத் தாள் நாலு வரும், 7 அங்குலச் சதுரம் என்றால் 12 வரும். 36 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஏ4 என்றால் 9 சார்ட், ஒரு சதுரம் என்றால் 3 சார்ட். என்ன அளவில் வெட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் சார்ட் எண்ணிக்கை சொல்ல முடியாது. வெட்டும் வேலையும் பிள்ளைகளிடம் போகக் கூடாது. நடுவில் ஒரு வட்டம் வெட்டிவிட்டு மீதியைத் தூக்கிப் போடுவார்கள்.

இப்போது கார்த்திகை விளக்கு. ஆளுக்கு இரண்டு என்றால் 72 விளக்கு. உடைவதற்கும் ஓரம் வெடித்ததற்கும் எட்டு சேர்த்து 80 வாங்குங்கள், மாதிரிக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். இரண்டு வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும். அது மழைக்காலம், விளக்கு ஈரத்தோடு வரும். ஈர மண்ணில் அடித்த கலர் திட்டுத்திட்டாக நிற்கும், அப்புறம் உரியும். வாங்கிய நாளே மூட்டையிலிருந்து எடுத்து அறைக்குள் பரப்பிக் காய விடுங்கள்.

போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா? விளக்குக்கு அக்ரிலிக். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், கையோடு வரும். ஆனால் இந்த முடிவு உங்கள் பொதுச் சாமான் கணக்கைத் தொடுகிறது. போஸ்டர் கலர் பிரஷ்ஷில் காய்ந்தால் மறுநாள் கழுவிக்கொள்ளலாம், அக்ரிலிக் காய்ந்தால் தண்ணீருக்குப் போகாது, பிரஷ் முடிந்தது. 40 பிரஷ் ஒரே மதியத்தில் கட்டையாகிவிடும். அதனால் நல்ல பிரஷ்ஷை வெளியே எடுக்காதீர்கள். ஏற்கெனவே நுனி விரிந்ததை வெள்ளை அடிக்க வைத்துக்கொண்டு, கோலத்துக்கு மட்டும் மலிவான 2-ஆம் நம்பர் உருண்டை பிரஷ் வாங்குங்கள். பயன்பாட்டில் இல்லாத பிரஷ் அந்த நேரம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும், வகுப்பு முடிந்த கையோடு சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

வேலையை இரண்டு சனிக்கிழமையாகப் பிரியுங்கள். முதல் வாரம் வெள்ளை அடித்தளம் மட்டும். மண் கலரை உறிஞ்சும் என்பதால் இது இல்லாமல் மேலே எந்த நிறமும் எடுபடாது. இரண்டாவது வாரம் கோலமும் புள்ளியும். ஒரே நாளில் செய்தால் இரண்டு வகை பிரஷ்ஷும் சேர்ந்து வெளியே இருக்கும், வெள்ளையும் காயாது. பிரித்துவிட்டால் முதல் வாரம் தட்டை பிரஷ் 20, இரண்டாவது வாரம் உருண்டை பிரஷ் 20. முதல் பேட்ச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிட இடைவெளி விட்டுக் கழுவினால் இரண்டாவது பேட்ச் அதையே எடுத்துக்கொள்ளும். பேலட்டை இதற்கு எடுக்க வேண்டாம், காய்ந்த அக்ரிலிக் பேலட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நாலு பேருக்கு நிறத்துக்கு ஒரு கொட்டாங்குச்சி வையுங்கள், முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். அதில்கூட ஒரு சின்னக் கணக்கு உண்டு. 20 பேர் என்றால் ஐந்து குழு, நாலு நிறம், ஆக 20 கொட்டாங்குச்சி. அடுத்த பேட்ச்சுக்கு நாலு குழுவுக்கு 16. இது பகிர்ந்தாலும் திரும்பி வராத பொருள், அதனால் கூட்டித்தான் சேர்க்க வேண்டும்: 36.

வெள்ளை எவ்வளவு? நீங்களே நாலு விளக்கு அடித்துப் பாருங்கள், பாட்டிலை முன்னும் பின்னும் எடை போடுங்கள். 12 கிராம் இறங்கினால் விளக்குக்கு 3 கிராம். 72 விளக்குக்கு 216 கிராம். பிள்ளைகள் நம்மைவிடத் தடிப்பாக அடிப்பார்கள், கொட்டாங்குச்சியிலும் மிஞ்சும், அதற்குக் கால் பங்கு சேர்த்தால் 270. கலர் தண்ணீரைவிடக் கனம் என்பதால் 100 மில்லி பாட்டில் மூன்று தாராளமாகப் போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றுக்கு 100 மில்லி ஒவ்வொன்று. தங்க நிறத்தை மட்டும் கொட்டாங்குச்சியில் விடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், பத்து நிமிடத்தில் காலி. ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் புள்ளிக்கு மட்டும் கொடுக்கட்டும். திரி வைக்கும் மூக்குப் பக்கத்திலும் உள்பக்கத்திலும் கலர் வேண்டாம், விளக்கு ஏற்றும்போது கருகி நாறும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு காகிதத்தில், வாங்கியது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதி வெள்ளைப் பாட்டில் இருக்கும் தட்டிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த கார்த்திகைக்கு நிறுத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

தீரும் பொருளில் ஏதோ தவறு நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையின் பின்புறம் அது டப்பாவில் விழுந்த தேதியை எழுதி வாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை விழுந்த ஃபெவிகால் அட்டை, பிள்ளைகள் எண்ணிக்கை கூடாமலே பத்து நாளில் விழுந்தால் விசாரிக்க வேண்டும். அனேகமாக யாராவது பெரிய டப்பாவை அப்படியே மேசையில் வைத்திருப்பார்கள். சின்ன மூடி டப்பாவில் நாலு பேருக்கு ஒன்றாக ஊற்றிக் கொடுத்தால் திரும்பச் சரியாகும். அட்டை மாதக்கணக்கில் விழவே இல்லை என்றாலும் பாருங்கள். பொருள் ஓடவில்லை, அல்லது யாரோ அட்டையை எடுத்துப் போடாமல் பின்னால் இருந்ததைத் திறந்துவிட்டார்கள்.

பெற்றோரிடம் மெட்டீரியல் கட்டணம் வாங்குகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வாங்கினால் அதில் தீரும் பொருளை மட்டும் சேருங்கள். விளக்கு, கலர், பிரஷ் தேய்மானம் ஆகியவற்றின் பில் தொகையை 36-ஆல் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று காட்டிவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கத்தரிக்கோல், குளூ கன், பேலட் எல்லாம் சென்டரின் முதலீடு. அவற்றை ஒவ்வொரு பேட்ச்சிடமும் வசூலித்தால், "அப்போ அது எங்க பிள்ளைக்குச் சொந்தமா?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமைக்கு முன் தெர்மாகோலில் துளை போடுவதையும், ஸ்டேப்ளருக்கும் குளூ கன்னுக்கும் அளவு ஒட்டுவதையும் முடித்துவிடுங்கள். அட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினால் போதும், முதலில் ஃபெவிகாலுக்கு.